முன்பற்கள் விலகினால் பயம் வேண்டாம்!

பல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பது தெரிந்த விஷயம். ஒரு சின்னக் கம்பிச் சாவியைக் கையில் கொடுத்து, "காலையில ஒரு திருகு, ராத்திரி ஒரு திருகு, ரெண்டு வாரத்துக்கு" என்று சொல்லி அனுப்பினால் எந்த அம்மாவும் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார். திருக வேண்டியது குழந்தையின் மேலண்ணத்தில் பொருத்தியிருக்கும் ஒரு ஸ்க்ரூவை. ஆறேழு நாள் கழித்து இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். நேற்றுவரை ஒட்டி நின்ற மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். தினமும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். பல்லைச் சரிசெய்யப் போய், இருந்த அழகும் கெட்டுவிட்டதோ என்று பதறித் திருகுவதையே நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு.

உண்மையில் அந்த இடைவெளி வந்தால்தான் சிகிச்சை பலிக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏன் என்று புரிய, நாக்கு நுனியால் மேலண்ணத்தை ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும். முன்பற்களுக்குப் பின்னாலிருந்து தொண்டையை நோக்கி நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடுவது தெரியும். மேல்தாடை ஒரே எலும்பு அல்ல. வலப்பாதி, இடப்பாதி என்று இரண்டு எலும்புகள் அந்தக் கோட்டுக்கு மேலே சந்திக்கின்றன. இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த இடம் மாதிரி என்பதால் அதை எலும்புத் தையல் என்கிறார்கள். சின்ன வயதில் அந்தத் தையலுக்குள் இருப்பது நார்த்திசு. அங்கேதான் புது எலும்பு சேர்ந்து சேர்ந்து மேல்தாடை அகலமாகிறது. வயது ஏற ஏறத் தையல் இறுகி, கடைசியில் பல இடங்களில் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்கிறது.

வாய்க்குள் மாட்டும் எக்ஸ்பாண்டர் என்ற கருவி செய்வது இவ்வளவுதான்: தையல் இறுகுவதற்கு முன், அதை இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிறது. திறந்த இடத்தில் உடம்பு புது எலும்பை நிரப்புகிறது. பல்லை நகர்த்துவது இதன் நோக்கம் அல்ல. பல் இங்கே வெறும் கைப்பிடிதான். நகர வேண்டியது அதன் பின்னால் இருக்கும் எலும்பு.

டிபன் பாக்ஸும் மூடியும்

மேல்தாடை குறுகலாக இருப்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பிள்ளையைக் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். டிபன் பாக்ஸின் மூடி பாக்ஸின் விளிம்புக்கு வெளியே உட்காருவதுபோல, மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்குச் சற்று வெளியே உட்கார்ந்தால் சரி. மூடி உள்ளே விழுந்தது போல, மேல் கடைவாய்ப் பல் கீழ்ப் பல்லுக்கு உட்பக்கமாக இறங்கினால் அதற்கு கிராஸ்பைட் என்று பெயர்.

பல் டாக்டர்களிடம் அடிக்கடி வரும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நான்காம் வகுப்பு படிக்கும் ஒன்பது வயதுச் சிறுமி. ஆறு வயதுவரை விரல் சூப்பியவள். "வாயை மூடினா தாடை இடது பக்கமா போகுது, சிரிச்சா ஒரு பக்கமா சிரிக்கிறா" என்று அம்மா அழைத்து வருகிறார். இடது பக்கம் மட்டும் கிராஸ்பைட். வலது பக்கம் பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது.

இங்கேதான் முதல் புதிர். ஒரு பக்கம்தான் கோணல் என்றால் ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தால் போதாதா? டாக்டர் சிறுமியின் தாடையைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி மெதுவாகக் கடிக்கவைக்கிறார். இப்போது பார்த்தால் இரண்டு பக்கமும் மேல் பல்லின் முகடு கீழ்ப் பல்லின் முகட்டில் மோதி நிற்கிறது. இரண்டு பக்கமும் சமமாகத்தான் குறுகல். அப்படி முகட்டில் மோதிக்கொண்டு மெல்ல முடியாது. அதனால் குழந்தை தன்னையறியாமல் கீழ்த்தாடையை இடது பக்கம் நகர்த்தி வசதியான இடம் தேடிக்கொள்கிறாள். கோணலாகத் தெரிவது கீழ்த்தாடை, ஆனால் குறை இருப்பது மேல்தாடையில். வருடக்கணக்கில் இப்படியே நகர்த்திக் கடித்தால் கீழ்த்தாடையும் அந்தக் கோணலோடு வளர்ந்துவிடக்கூடும். பிறகு மேல்தாடையை அகலப்படுத்தினாலும் முகவாய் நடுவுக்கு வராமல் போகலாம்.

குறுகலுக்கு விரல் சூப்புவது ஒரு காரணம். விரல் உள்ளே இருக்கும்போது நாக்கு கீழே இறங்கிவிடுகிறது, கன்னத் தசை வெளியிலிருந்து அழுத்துகிறது. அண்ணத்தை உள்ளிருந்து தாங்க வேண்டிய நாக்கு அங்கே இல்லை. மூக்கடைப்பால் வாயைத் திறந்தே மூச்சு விடும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பிறவியிலேயே குறுகலாக அமைவதும் உண்டு. விரல் சூப்பும் பழக்கம் இன்னும் இருந்தால் அதை நிறுத்தாமல் ஸ்க்ரூவை மட்டும் திருகிப் பயனில்லை. திரும்பக் குறுகும்.

இருபத்தெட்டு திருகு

சிறுமிக்கு மேல்தாடை 5 மில்லிமீட்டர் அகலம் போதவில்லை என்று அளவெடுத்ததில் தெரிகிறது. அகலப்படுத்தியது கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் டாக்டர் 2 மில்லிமீட்டர் கூட்டி 7 என்று கணக்கு வைக்கிறார். பரவலாகப் பயன்படும் ஸ்க்ரூவில் ஒரு கால் சுற்று திருகினால் 0.25 மில்லிமீட்டர் விரியும். ஆக 28 திருகு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் 14 நாள். சில ஸ்க்ரூக்களில் ஒரு திருகுக்கு 0.2 மில்லிமீட்டர்தான். சில டாக்டர்கள் ஒரு நாளுக்கு ஒரு திருகே போதும் என்பார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கை இந்தப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

கருவி மாட்டுவதற்கு முந்தைய சில நாட்கள் கடைவாய்ப் பற்களுக்கு இடையே சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். வளையம் நுழைய இடம் பண்ணிக்கொடுக்கத்தான் அது. பிறகு ஆறு வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் ஸ்டீல் வளையம் போட்டு, அளவெடுத்து, நடுவில் ஸ்க்ரூ வைத்த கருவியைச் செய்து சிமென்ட்டால் ஒட்டுகிறார்கள். குழந்தையால் கழற்ற முடியாது, கழற்றவும் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கஷ்டம். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பேச்சு குழறும். தயிர் சாதம், இட்லி, குழைந்த பருப்பு சாதம் இறங்கும். முறுக்கு, கடலை மிட்டாய், சூயிங்கம் எல்லாம் கருவியைப் பெயர்த்துவிடும். ஸ்க்ரூவுக்கும் அண்ணத்துக்கும் நடுவே சோறும் கீரையும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயைக் கொப்பளித்து, அந்த இடத்தை பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈறு வீங்கும்.

திருகும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. குழந்தை அம்மா மடியில் தலை வைத்துப் படுத்து, முகத்தை மேலே பார்த்தபடி வைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சத்துக்கு செல்போன் டார்ச் போதும். ஸ்க்ரூவின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். சாவியை அதில் நுழைத்து, டாக்டர் காட்டிய பக்கம், பெரும்பாலும் முன்பல் பக்கமிருந்து தொண்டைப் பக்கமாக, தடுக்கும்வரை தள்ள வேண்டும். சரியாகத் திருகியிருந்தால் முன்பக்கத்தில் அடுத்த ஓட்டை முழுதாகத் தெரியும். அது பாதி மறைந்து தெரிந்தால் திருகு முடியவில்லை என்று பொருள். அந்த நிலையில் விட்டால் அடுத்த முறை சாவி நுழையாது. சாவியை எடுக்கும்போது முன்னுக்கு இழுத்தால் திருகியது திரும்பிவிடும். பின்பக்கமாகவே நகர்த்தி, பிறகு கீழே இறக்கி எடுக்க வேண்டும். சாவியில் ஒரு நூலைக் கட்டி, அந்த நூலை விரலில் சுற்றிக்கொள்வது நல்லது. கை வழுக்கிச் சாவி தொண்டைக்குப் போகாமல் இருக்க அது உதவும்.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகத் திருகி ஈடுகட்டக் கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், மொத்தத் திருகு 28 தான். இதற்குச் சுவரில் மாட்டிய காலண்டரே போதும். திருகியதும் அன்றைய தேதியில் ஒரு கோடு. அப்பா ஒரு தரம் திருகிவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் போய்விட்டு, அம்மா இன்னொரு தரம் திருகுவது பல வீடுகளில் நடக்கிற கூத்து.

திருகியதும் பற்களில் ஒரு இறுக்கம் தெரியும். மூக்குத் தண்டிலும் கண்ணுக்குக் கீழேயும் ஒரு அழுத்தம் வருவதாகப் பிள்ளைகள் சொல்வார்கள். மேல்தாடை எலும்பு மூக்குவரை போய்ச் சேருவதால் இது இயல்பு. சில நிமிடங்களில் குறைந்துவிடும். ஒவ்வொரு திருகின் அழுத்தமும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகிறது. தையல் திறக்கும் தருணத்தில் பற்களின் மேல் பல கிலோ பாரம் ஏறியிருக்கும். வழக்கமான பல் கம்பி பல்லின் மேல் வைக்கும் சில பத்து கிராம் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது மலை. இவ்வளவு பாரம் ஏன் என்றால், மெதுவான அழுத்தத்தில் பல் எலும்புக்குள் நகர நேரம் கிடைத்துவிடும். வேகமான பெரிய அழுத்தத்தில் பல் நகர்வதற்குள் தையல் விட்டுக்கொடுத்துவிடுகிறது. "ரேபிட்" என்று இந்த முறைக்குப் பெயர் வந்தது இதனால்தான்.

ஆறாம் நாள்

சிறுமிக்கு பதினொன்றாவது திருகில், ஆறாம் நாள் காலை, முன்பற்களுக்கு நடுவே நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. இரவில் இன்னும் கொஞ்சம். பாட்டி பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்லா இருந்த பல்லை இப்படி ஓட்டையாக்கிட்டீங்களே" என்கிறார். அம்மா கலங்கிப்போய் டாக்டருக்குப் போன் செய்கிறார். "இதுக்குத்தாம்மா காத்திருந்தேன், நிறுத்தாதீங்க" என்று பதில் வருகிறது.

முன்பற்கள் இரண்டும் வலப்பாதி எலும்பில் ஒன்றும், இடப்பாதி எலும்பில் ஒன்றுமாக நிற்பவை. நடுத் தையல் திறந்தால் அவை எலும்போடு சேர்ந்து விலகித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு பற்களில் கருவி எங்கேயும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடாத பல் விலகுகிறது என்றால் எலும்பு விலகுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இடைவெளி ஸ்க்ரூ விரிந்ததில் ஏறக்குறையப் பாதி அளவு இருக்கும். 7 மில்லிமீட்டர் விரிந்த சிறுமிக்குக் கடைசியில் 3 மில்லிமீட்டர் சொச்சம்.

இந்தச் சாட்சியை முதலில் கண்டவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர். 1860-ல் பதினான்கரை வயதுப் பெண்ணின் மேல் பற்களுக்கு இடையே ஒரு ஸ்க்ரூ கருவியைப் பொருத்தி, சாவியை அவளிடமே கொடுத்து அனுப்பினார். இரண்டு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. இரண்டு எலும்பும் பிரிந்ததற்கு இதுவே ஆதாரம் என்று எழுதினார். சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. பாவம், அவரால் வேறு எப்படியும் நிரூபிக்க முடியாது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். அமெரிக்காவில் இந்த முறை நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது. ஆண்ட்ரூ ஹாஸ் என்ற நிபுணர் முதலில் பன்றிகளில் செய்து பார்த்து, பிறகு நோயாளிகளுக்குச் செய்து 1961-ல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகுதான் அங்கே அது மறுபடி உயிர்பெற்றது. அவர் பெயரிலேயே ஒரு கருவி இன்றும் இருக்கிறது. அண்ணத்தில் அக்ரிலிக் தகடு படுவது அது. தகடு இல்லாமல் கம்பியும் ஸ்க்ரூவும் மட்டும் உள்ளது ஹைராக்ஸ். கழுவ எளிது என்பதால் அதுதான் இப்போது அதிகம் புழங்குகிறது.

எக்ஸ்-ரேயில் பார்த்தால் தையல் திறந்த இடம் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். முன்பல் பக்கம் அகலம், தொண்டைப் பக்கம் குறுகல். பின்பக்கம் மேல்தாடை மண்டையோட்டின் மற்ற எலும்புகளோடு முட்டுக்கொடுத்து நிற்பதால் அங்கே அவ்வளவாகத் திறக்காது. மேலே மூக்கை நோக்கிப் போகப் போகவும் திறப்பு குறைகிறது. ஆக, ஸ்க்ரூ 7 மில்லிமீட்டர் விரிந்தது என்றால் எலும்பும் எங்கேயும் 7 மில்லிமீட்டர் அகன்றது என்று ஆகாது. சுமாராகப் பாதியோ அதற்கும் குறைவோதான் எலும்பின் பங்கு. மீதி, கடைவாய்ப் பற்கள் வெளிப்பக்கம் சாய்ந்ததால் வந்தது. அந்தச் சாய்வுதான் பின்வாங்கும் பகுதி. 2 மில்லிமீட்டர் கூட்டிக் கணக்குப் போட்டது இதற்காகத்தான்.

பதினான்காம் நாள் சிறுமியின் மேல் பற்கள் கீழ்ப் பற்களைத் தாண்டிச் சற்று அதிகமாகவே வெளியே நிற்கின்றன. கூடிப்போய்விட்டதோ என்று தோன்றும், அப்படித்தான் நிற்க வேண்டும். டாக்டர் ஸ்க்ரூ ஓட்டையை அடைத்துவிடுகிறார், இனி அது திரும்பாது.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். திருகுவது முடிந்தது, பல்லும் சரியாக உட்கார்ந்தது, பிறகு எதற்கு இந்த இரும்பு என்று கழற்றச் சொல்லி நச்சரிப்பார்கள். ஆனால் வேலையில் பாதிகூட முடியவில்லை. திறந்த தையலுக்குள் இப்போது இருப்பது எலும்பு அல்ல, இளம் திசு. சுற்றியுள்ள எலும்புகளிலும் திசுக்களிலும் ஏறிய இறுக்கம் தணியவே ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் கருவியை எடுத்தால் இரண்டு பாதியும் பழைய இடத்துக்கே நகரும். புது எலும்பு நிரம்பிக் கெட்டிப்பட மூன்று முதல் ஆறு மாதம் வரை கருவி அசையாமல் வாயில் இருக்க வேண்டும். சிறுமிக்கு ஆறு மாதம் வைத்திருந்தார்கள். இந்தக் காலத்தில் வளையம் ஒன்று பெயர்ந்து ஆடினால் அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

பாட்டி கவலைப்பட்ட அந்த இடைவெளியை யாரும் மூடவில்லை. அதுவாகவே மூடிக்கொண்டது. பல்லுக்குப் பல் ஈறுக்குள் ஓடும் நார்கள் ரப்பர் பேண்ட் போல இரண்டு முன்பற்களையும் சில மாதத்தில் ஒன்றாக இழுத்துக்கொள்ளும். எலும்பு அகன்றபடியே இருக்கும், பற்கள் மட்டும் சேர்ந்துவிடும். மேல்தாடை அகன்றதும் கீழ்த்தாடைக்கு ஒதுங்கிக் கடிக்கத் தேவையில்லாமல் போனதால், சிறுமியின் முகவாயும் நடுவுக்கு வந்தது.

எந்த வயதில்?

சிறுமியின் கதை நன்றாக முடிந்ததற்கு ஒன்பது வயது என்பதே முக்கியக் காரணம். டென்மார்க்கைச் சேர்ந்த பிர்டே மெல்சன் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், இறந்தவர்களின் அண்ணத் தையலை மைக்ராஸ்கோப்பில் வைத்து வயதுவாரியாகப் பார்த்தார். சின்னக் குழந்தையின் தையல் அகலமாக, கிட்டத்தட்ட நேராகப் போகிறது. பள்ளி வயதில் அது அலையலையாக வளைகிறது. பருவ வயதில் இரண்டு பக்க எலும்பும் கைவிரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. கோத்த விரல்களைப் பக்கவாட்டில் இழுத்தால் அவ்வளவு சுலபத்தில் பிரியாது.

இதனால்தான், "பால் பல் எல்லாம் விழட்டும், பன்னிரண்டு பதிமூணு வயசுல மொத்தமா கிளிப் போட்டுக்கலாம்" என்ற நல்ல எண்ண யோசனை இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைக்கு நஷ்டமாகிவிடுகிறது. கோணல் பல்லை வரிசைப்படுத்துவதற்கு அந்த வயது சரி. குறுகிய எலும்பை அகலப்படுத்த, ஆறு வயதுக் கடைவாய்ப் பற்கள் நன்றாக முளைத்து நிற்கும் ஏழெட்டு வயதிலிருந்து, பருவ வளர்ச்சி உச்சத்துக்குப் போவதற்கு முன்பு வரையான காலம்தான் தோதானது. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜன்னல் முதலில் மூடுகிறது. பூப்பெய்திவிட்டாள் என்றால் வளர்ச்சியின் உச்சம் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகும் சில வருடம் ஸ்க்ரூ வேலை செய்யலாம். ஆனால் எலும்பின் பங்கு குறைந்து, பல் சாய்வதன் பங்கு கூடும்.

எந்த வயதில் கதவு முழுதாக மூடும் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. 1977-ல் வெளியான பெர்சன், திலாண்டர் ஆய்வில் பதினைந்து வயதுப் பெண் ஒருவரின் தையலில் எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தது. இருபத்தேழு வயதுப் பெண் ஒருவரின் தையலில் ஒட்டியதற்கான அடையாளமே இல்லை. அதனால் பதினைந்தைத் தாண்டியவர்களுக்குப் பிறந்த தேதியை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், தேவைப்பட்டால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேனில் தையலையே பார்க்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த ஸ்கேன் வழக்கமாகத் தேவைப்படாது.

மிகச் சீக்கிரம் செய்வதும் தவறுதான். நான்கைந்து வயதில் தையல் லேசான அழுத்தத்துக்கே திறந்துவிடும். அங்கே இவ்வளவு பாரத்தை வேகமாக ஏற்றினால் மூக்கின் வடிவமே மாறிவிடும் ஆபத்து உண்டு. அந்த வயதில் அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் மெதுவாக அழுத்தும் கம்பிக் கருவியே போதும்.

வயது தாண்டிய ஒருவருக்குத் திருகினால் என்ன ஆகும்? பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி வராது. சாவியைத் தள்ள வர வர அதிக பலம் வேண்டியிருக்கும். வலி குறையாமல் நிற்கும். கடைவாய்ப் பற்கள் மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். இதையும் மீறித் திருகினால் பல்லின் வேர் வெளிப்பக்க எலும்புச் சுவரைத் தள்ளி, ஈறு இறங்கி, வேர் வெளியே தெரியத் தொடங்கும். அது திரும்ப வராத நஷ்டம். அதனால் இடைவெளி வரவில்லை என்றால், "இன்னும் நாலு திருகு திருகிப் பார்ப்போம்" என்று வீட்டில் முடிவெடுக்காமல் உடனே டாக்டரிடம் போய் எக்ஸ்-ரே பார்க்க வேண்டும். சில சமயம் காரணம் சாதாரணமானதாகவும் இருக்கும். எடுக்கும்போது சாவி ஸ்க்ரூவைப் பின்னுக்குத் திருப்பியிருக்கும், அல்லது வளையத்தின் சிமென்ட் விட்டுப்போயிருக்கும்.

தையல் உண்மையிலேயே இறுகிவிட்ட பெரியவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. அண்ணத்து எலும்பிலேயே சின்ன ஸ்க்ரூக்களை முடுக்கி, பல்லின் மேல் பாரம் விழாமல் எலும்பை நேரடியாகத் தள்ளும் கருவி ஒன்று. அதுவும் முடியாவிட்டால் ஆபரேஷனில் எலும்பைப் பல இடங்களில் தளர்த்திவிட்டு அகலப்படுத்துவது இன்னொன்று. ஒன்பது வயதில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு சாவியால் முடித்திருக்கக்கூடிய வேலை, இருபத்தைந்தில் ஆபரேஷன் தியேட்டர்வரை போகலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மேலண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்கின் தரை. அதனால் மேல்தாடை அகன்றால் மூக்குத் துவாரமும் கொஞ்சம் அகலும். சில பிள்ளைகள் மூச்சு விடுவது எளிதானதாகச் சொல்வதும் உண்மை. ஆனால் இதை வைத்து, குறட்டைக்கும் படிப்பில் கவனமின்மைக்கும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கும் சேர்த்து எக்ஸ்பாண்டர் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும். தாடை குறுகலாக இல்லாத பிள்ளைக்கு மூச்சை மட்டும் காரணம் காட்டி இதைப் போடுவது சரியான வழி அல்ல. வாயால் மூச்சு விடும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கட்டும். அடினாய்டு வீக்கமா, அலர்ஜியா என்று தெரிந்துகொண்டு அதற்கான வைத்தியத்தைத் தொடங்க வேண்டும்.

பற்சீரமைப்பு நிபுணரிடம் முதல் செக்கப்பை ஏழு வயதுக்குள் செய்துகொள்ளச் சொல்கிறது அமெரிக்க பற்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம். அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எதுவும் போட வேண்டியிருக்காது. கன்னத்தை விலக்கி, தாடையை நடுவில் நிறுத்திக் கடிக்கவைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிடுவார். முகட்டில் முகடு மோதினால் மட்டும் சாவி வரும்.